வாசலில் பலகை வைத்தால் சம்மதமா?

தங்கையின் அண்ணன்: தஞ்சாவூரில் தங்கைக்குத் திருமணம். ஐந்து நிமிடத் தொகுப்புப் படம் எடுக்க ஆசை. இடையிடையே பெரியவர்கள் நான்கு பேர் பேச வேண்டும். "இங்கே படப்பிடிப்பு நடக்கிறது என்று வாசலில் பலகை வைத்துவிட்டால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்" என்கிறார் ஒளிப்பதிவாளர். சரியா?

கத்தரிமேசை: அந்தப் பலகையைக் கண்டுபிடித்தவருக்குச் சிலையே வைக்கலாம். வாழைமரத்தையும் பன்னீர்ச் செம்பையும் தாண்டி வருகிறவர் நின்று பலகை படிக்கிறாராம்! கூட்டத்தில் முகம் தெரிவது வேறு, ஒருவரை உட்காரவைத்துச் சட்டையில் மைக் குத்திப் பேசவைப்பது வேறு. பேசுகிறவரிடம் இரண்டு முறை கேட்க வேண்டும். பதிவுக்கு முன் ஒரு முறை, வெட்டிய துண்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி இன்னொரு முறை. நான் தொகுத்த ஒரு படத்தில் பெண்ணின் பெரியப்பா, நகைக்காக வயலை விற்ற கதையைக் கண்கலங்கச் சொன்னார். அருமையான பதிவு. துண்டைப் பார்த்ததும், "சம்பந்தி வீட்டார் பார்ப்பார்களே, எடுத்துவிடம்மா" என்றார். எடுத்துவிட்டேன். இதைப் பலகையா சொல்லியிருக்கும்?

மண்டபவாசி: எத்தனையோ முகூர்த்தம் எடுத்தவன் நான். கேமராவைப் பார்த்துச் சிரிப்பதே சம்மதம்தான். 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வீட்டு உபயோகத்தை விட்டுவிடுகிறது. பலகை போதும். அறைக்குள் உட்கார்ந்து வெட்டுகிறவர்களுக்கு மண்டபத்தைப் பற்றி என்ன தெரியும்?

கத்தரிமேசை: சட்டத்தில் பாதியைத்தான் படித்திருக்கிறீர்கள். குடும்பத்தார் தங்களுக்காக வைத்துக்கொள்வதற்குத்தான் அந்த விலக்கு. அதே படத்தை உங்கள் ஸ்டூடியோ விளம்பரமாக இன்ஸ்டாகிராமில் போட்டால் அது யார் வீட்டு உபயோகம்? தம்பி, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். அந்த ஒப்பந்தம் முன்பணச் சீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். விளம்பரத்துக்குப் பயன்படுத்துவோம் என்று இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

திருச்சி அத்தை: அனுமதி கிடக்கட்டும். என் மகன் கல்யாணப் படத்தில் தாலி கட்டும் காட்சியே இல்லை. அட்சதை போட எழுந்தவர்களின் முதுகுதான் தெரிகிறது. அதில் ஒரு முதுகு என் நாத்தனாருடையது. அவரிடம் முதலில் யாராவது அனுமதி வாங்குங்கள்.

கத்தரிமேசை: அத்தை, அதைத் தடுக்க வழி இருக்கிறது. ஒரு கேமராவை மேடைக்கு எதிரே, எழுந்து நிற்கும் தலைகளுக்கு மேலே இருக்கும் உயரத்தில் நிறுத்திவிட வேண்டும். இன்னொன்று மணமேடையின் பக்கவாட்டில், மாப்பிள்ளையின் கையும் பெண்ணின் கழுத்தும் தெரியும் கோணத்தில். கெட்டிமேளம் தொடங்கிய பிறகு இடம் மாறக் கூடாது.

கெட்டிமேளத்தில் பேச்சு எதுவும் பதிவாகாது, தவில்தான் கேட்கும். அதனால் படத்தின் முதுகெலும்பே பெரியவர்களின் குரல்தான். முந்தைய நாள் பிற்பகல், ஒலிபெருக்கி போடுவதற்கு முன், ஓர் அறையில் மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஹெட்போன் மாட்டிச் சற்று நேரம் கேளுங்கள். குரலுக்கு அடியில் "ஊ" என்று இரைந்தால் வேறு அறைக்குப் போங்கள். வாழ்த்தச் சொன்னால் நான்கு பேரும் பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழச் சொல்வார்கள். "பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுத அன்று என்ன செய்தாள்?" என்று கேளுங்கள். ஒருவர் இரண்டு நிமிடம் பேசினால் இருபது விநாடி தேறும், அதை மாலை மாற்றும் காட்சிமேல் ஓடவிடலாம்.

மண்டபவாசி: பேசச் சம்மதித்து உட்கார்ந்தவரிடம் மறுபடியும் சம்மதமா? நான்கு பேருக்கும் அனுப்பிக் காத்திருந்தால் படம் வளைகாப்புக்குத்தான் வரும். பலகை வைத்தால் வேலை முடிந்தது.

கத்தரிமேசை: தாமதத்துக்குக் காரணம் அனுமதி இல்லை ஐயா. முகூர்த்த மாதத்தில் ஒரே வாரத்தில் நான்கு முன்பணம் வாங்குகிறீர்களே, அது.

மண்டபவாசி: வயிற்றுப்பாடு அம்மா. விடியற்காலை நான்கு மணியிலிருந்து நிற்கிற எங்களுக்குக் கடைசிப் பந்தியில் ரசம்தான் மிஞ்சும். அதைப் பற்றி யாராவது பேசுகிறீர்களா?

திருச்சி அத்தை: எங்கள் வீட்டில் ஒளிப்பதிவாளருக்கு இரண்டாம் பந்தியிலேயே இலை போட்டோம். அப்படியும் முதுகைத்தான் எடுத்தார்.

தங்கையின் அண்ணன்: பாட்டி பேசச் சம்மதிக்கிறார். ஆனால் இணையத்தில் வரக் கூடாது என்கிறார். தங்கை யூடியூபில் போட வேண்டும் என்கிறாள். என்ன செய்வது?

கத்தரிமேசை: இரண்டு படம். வீட்டுக்குப் பாட்டியோடு, யூடியூபுக்குப் பாட்டி இல்லாமல். தொகுப்பவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், பிறகு கேட்டால் தனிக் கூலி கேட்பார்.

மண்டபவாசி: கேட்பார் இல்லை, நீங்கள் கேட்பீர்கள். பலகைக்கு ஆகும் செலவைவிட அது எத்தனை மடங்கு என்றும் சொல்லுங்கள்.