தோல் ஈரத்துணி மாதிரி, எலும்பு ஓரம் சிவப்பு: ஓவனில் வைத்த கோழிக்கால்

செங்கோட்டை:
போன ஞாயிறு விருந்தாளி வந்திருந்தார்கள் என்று நான்கு முழுக்கால், தொடையோடு சேர்த்து, தோலை உரிக்காமல் கேட்டு வாங்கி வந்தேன். தயிர், இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள் எல்லாம் கெட்டியாகப் பூசி, வீட்டிலிருக்கும் சின்ன ஓடிஜியில் 180 டிகிரியில் 40 நிமிஷம் வைத்தேன். எடுத்துப் பார்த்தால் தோல் நனைந்த துணி மாதிரி வழுக்குகிறது, தட்டு முழுக்கத் தண்ணீர், தொடையைப் பிய்த்ததும் எலும்பை ஒட்டி ஒரே சிவப்பு. அத்தை அதைத் தொடவே இல்லை. இன்னும் 15 நிமிஷம் வைத்தும் சிவப்பு போகவில்லை. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

புளியரை:
சிவப்பு தெரிந்தால் வேகவில்லை என்றுதான் அர்த்தம், அதில் சந்தேகமே வேண்டாம் அக்கா. 180 பத்தாது, 220க்கு மேல் வையுங்கள். நான் அப்படித்தான் வைப்பேன், தோல் நன்றாக முறுகும். ஆனால் மிளகாய்த்தூள் கருகிக் கசக்கிறது, அது மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கம்பம்:
நாட்டுக்கோழிதானே? எங்கள் வீட்டில் குக்கரில் நாலு விசில் விட்டு, அப்புறம் ஓவனில் வைப்போம். நேராக வைத்தால் ரப்பர்தான். ஒரு தடவை வைத்துப் பல்லே வலித்துவிட்டது.

தென்மலை:
ஒன்பது வருஷமாக ரிசார்ட் கிச்சனில் இருக்கிறேன், கால் மட்டுமே வாரம் நூறு போகும். கம்பம் அண்ணன் சொல்வது நாட்டுக்கோழிக்குச் சரி, இவர்கள் வாங்கியது பிராய்லர் போலத் தெரிகிறது, அதற்குக் குக்கர் வேண்டாம். புளியரைத் தம்பி சூட்டைப் பற்றிச் சொன்னது சரி, சிவப்பைப் பற்றிச் சொன்னது சரியில்லை. பிராய்லர் இளங்கோழி, எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையின் நிறம் வேகும்போது வெளியே கசிந்து எலும்பை ஒட்டிய கறியில் ஏறிவிடும், நன்றாக வெந்த காலிலும் அது இருக்கும். அதனால் கண்ணை நம்பாமல் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டரை நம்புங்கள். தொடையின் தடித்த இடத்தில் குத்துங்கள், முனை எலும்பில் முட்டினால் காட்டுவது கறியின் சூடு இல்லை. 74 டிகிரி வந்தால் சாப்பிடலாம், பயமில்லை. ஆனால் நான் 74இல் எடுக்க மாட்டேன், 82 முதல் 85 வரை விடுவேன். நெஞ்சுக்கறி அந்தச் சூட்டில் வறண்டு போகும், காலில் சவ்வும் ஜவ்வும் அதிகம் என்பதால் அந்தச் சூட்டில்தான் அது இளகி, கறி எலும்பிலிருந்து கழன்று வரும்.

தோல் வழுக்கியதற்குத் தயிர்தான் காரணம். மேலே தண்ணீர் இருக்கிற வரை தோல் 100 டிகிரியைத் தாண்டாது, தாண்டாமல் முறுகாது. தோலைத் துணியால் ஒற்றி, கிலோவுக்கு இரண்டு டீஸ்பூன் உப்பு தேய்த்து, மூடாமல் ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் வையுங்கள். மசாலாவைத் தோலுக்கு அடியில் விரலை விட்டுத் தடவுங்கள், மேலே வேண்டாம். தம்பிக்குக் கசந்ததற்கும் இதுதான் வழி. கால்கள் ஒன்றையொன்று தொடாமல் கம்பித்தட்டில் இருக்கட்டும், கீழே ஒரு தட்டு.

புளியரை:
தண்ணீர் தெளிவாக வடிந்தால் வெந்துவிட்டது என்று அம்மா சொல்வார்களே?

தென்மலை:
பெரும்பாலும் சரியாக வரும், சில கோழியில் ஏமாற்றும். எனக்கே ஏமாற்றியிருக்கிறது.

செங்கோட்டை:
நேற்று செய்துவிட்டேன். சாரல் விழுந்துகொண்டிருக்கிறது, வெளியில் எதுவும் காயாது, ஆனால் ஃப்ரிட்ஜில் 14 மணி நேரம் இருந்ததில் தோல் பார்ச்மென்ட் மாதிரி இறுகி, தொட்டால் விரலில் ஒட்டவில்லை. ஓவனுக்கான தெர்மாமீட்டரும் வாங்கினேன், அதை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, குமிழை 220இல் வைத்தால் உள்ளே 195தான் இருக்கிறது. போன வாரம் 180 என்று நினைத்தது எவ்வளவோ தெரியாது. குமிழைக் கடைசி வரை திருகி, உள்ளே 215 வந்த பிறகு வைத்தேன். 30 நிமிஷத்தில் தொடையில் 69, தட்டைத் திருப்பி வைத்து 38இல் 78, 44இல் 84. எடுத்துப் பத்து நிமிஷம் மூடாமல் விட்டேன். கத்தி வைத்ததும் அப்பளம் உடைகிற சத்தம். எலும்பு ஓரம் லேசாகச் சிவப்பு இருந்தது, அத்தைக்குத் தெர்மாமீட்டரைக் காட்டினேன், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு இன்னொரு காலையும் எடுத்துக்கொண்டார்கள்.

கம்பம்:
தோலில் கொஞ்சம் பேக்கிங் பவுடர் உப்போடு தேய்த்தால் இன்னும் முறுகும் என்று தங்கச்சி சொல்கிறாள். அவள் செய்ததைச் சாப்பிட்டேன், முறுகல் நன்றாகத்தான் இருந்தது, கடைசியில் நாக்கில் ஏதோ ஒரு சுவை நின்றது.

தென்மலை:
அளவு கூடியிருக்கும். கிலோவுக்கு ஒரு டீஸ்பூனுக்கு மேல் போடக் கூடாது. எனக்கு அது இல்லாமலே வருகிறது, நான் போடுவதில்லை.

புளியரை:
நான் இந்த வாரம் இரண்டு காலில் போட்டும் இரண்டில் போடாமலும் வைத்துப் பார்க்கிறேன்.