புதுப்பிப்பு: பாதியில் நின்ற 11 பேர்

முன்பு கேட்டது: "எங்கள் தோட்டக் கிளினிக் ஆய்வில் 60 பேரில் 11 பேர் பாதியில் நின்றுவிட்டார்கள், அவர்களை விட்டுவிட்டுக் கணக்கிடலாமா?"

புது இரத்த அழுத்த மாத்திரை பற்றிய ஆய்வு அது; நின்றவர்களை விடவில்லை. அந்தக் கேள்விக்குப் பதிலாக, அவர்களிடம் கடைசியாக எடுத்த அளவையே மீதி வாரங்களுக்கும் நிரப்பச் சொன்ன நண்பர், ஆளை விடக்கூடாது என்றது சரி. ஆனால் 3ஆம் வாரத்து இரத்த அழுத்தம் 12ஆம் வாரம்வரை மாறாதிருக்கும் என்று கொள்ள முடியாது. தாமும் ஒருமுறை மாத்திரையை நிறுத்தியதாக ஓர் அக்கா பதிலில் எழுதியதைப் படித்த பிறகே பதிவேட்டைப் புரட்டினேன்: புது மாத்திரைக் குழுவில் பாதியில் நின்ற 8 பேரில் 5 பேருக்குப் பால்மரம் வெட்டும்போது தலைசுற்றல், மற்றக் குழுவின் மூவரும் ஜொகூருக்கு வேலை மாறிப் போனவர்கள்.

புள்ளியியல் ஆசிரியர் சொன்னபடி, விடுபட்ட அளவுகளைப் பலமுறை வெவ்வேறாக மதிப்பிட்டு நிரப்பினேன்; புது மாத்திரையை நிறுத்தியவர்களின் அழுத்தம் அந்த மதிப்பீட்டைவிட 5 அல்லது 10 மில்லிமீட்டர் கூடியிருந்தால் என்னவாகும் என்றும் சோதித்தேன். 10இல் மருந்தின் பலன் தெளிவாகத் தெரியவில்லை. அதையும், நின்ற காரணங்களையும் குழுவாரியாக அறிக்கையில் எழுதிவிட்டேன். அந்த 10 மிகையா என்பதில் ஆசிரியரும் நானும் இன்னும் உடன்படவில்லை.