கலைச்சொல் உதவி: படத்தில் சேர்த்த விளக்கின் வெளிச்சம் சுவரில் விழுவதை எப்படிச் சொல்வது?

மீனாட்சி:

அன்பர்களுக்கு வணக்கம். படத்தொகுப்புப் பாடம் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அதை ஒப்படைக்க வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் எடுத்த மர அலமாரியின் ஒளிப்படம் ஒன்றில், எரியும் அகல் விளக்கைப் பிறகு சேர்ப்பதே பாடம். விளக்கை வெட்டி ஒட்டுவது எளிது. அதன் வெளிச்சம் பின்சுவரிலும் பலகையிலும் விழுந்தாற்போல் அமைத்தால்தான் விளக்கு அங்கே எரிவதாகக் கண் நம்பும். அப்படி விழுந்த வெளிச்சத்தை மூலநூல் ‘ஸ்பில்’ என்கிறது. அச்சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘ஒளிச்சிதறல்’ இயற்பியலில் வேறொரு நிகழ்வுக்கு உரியதாகிவிட்டது. ‘ஒளிக்கசிவு’ என்றால் கேமராப் பெட்டிக்குள் வெளிச்சம் புகும் குறையாகப் பொருள்படும். வேறு சொல் வேண்டும்.

அறவாழி:

அன்புள்ள மீனாட்சி அம்மா, ‘படரொளி’ என்பதை முன்வைக்கிறேன். படர்ந்த ஒளி, படர்கின்ற ஒளி, படரும் ஒளி என முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. தொல்காப்பிய உரியியல் ‘படர்’ என்பதற்கு உள்ளல், செலவு என இரு பொருள் கூறுகிறது. திருக்குறளின் ‘படர்மெலிந்திரங்கல்’ அதிகாரத்தில் உள்ளல் நோயாகவே ஆகிவிடுகிறது. நமக்கு வேண்டியது செலவுப் பொருள். கொடி படர்வது போலச் சுடரிலிருந்து புறப்பட்டுச் சுவரைப் பற்றிச் செல்லும் ஒளி என்பதால், வேர்ப்பொருள் சற்றும் பிறழவில்லை.

கதிர்:

இவ்வளவு தேட வேண்டுமா என்று தோன்றுகிறது. ‘ஒளிவட்டம்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, எல்லாருக்கும் புரியும். சுடரைச் சுற்றி மென்மையான தூரிகையால் ஆரஞ்சு வட்டம் ஒன்றை இட்டு, ஸ்கிரீன் கலப்பு முறையில் வைத்தால் வேலை முடிந்துவிடுகிறதே.

பூங்குழலி:

கதிர் அவர்கள் கூறும் வட்டமும் படத்துக்குத் தேவைதான், ஆனால் அது வேறு பொருள். சுடரைச் சுற்றித் தெரியும் மங்கல் வட்டம் பெரும்பாலும் லென்ஸுக்குள் உருவாவது. அதனால் அது சுவர், பலகை, வெற்றிடம் என்ற வேறுபாடின்றி எல்லாவற்றின் மேலும் ஒரே சீராகப் படியும். மீனாட்சி அம்மா கேட்பது பொருள்களின் மேல் விழுந்து, அவற்றின் நிறத்தோடு சேர்ந்து திரும்பி வரும் வெளிச்சம். விளக்கின் அருகில் கறுப்பு இரும்புக் கிண்ணம் ஒன்று இருப்பதாகக் கொள்ளுங்கள். உண்மையான வெளிச்சத்தில் கிண்ணத்தின் விளிம்பு மட்டும் மினுங்கும், உடல் கறுப்பாகவே இருக்கும். ஸ்கிரீன் முறையில் வட்டம் மட்டும் இட்டால் கிண்ணம் முழுவதும் பழுப்பேறி, முன்னால் புகை நிற்பதுபோல் ஆகிவிடும். மரத்தின் வரிகளும் அழிந்துவிடும்.

நான் செய்யும் முறை இது. முதலில் அடிப்படத்தை இருட்டாக்கிக்கொள்வேன். பிறகு இருட்டாக்காத பிரதி ஒன்றை மேலடுக்காக வைத்து, எக்ஸ்போஷரைக் கூட்டி, ஆரஞ்சுச் சாயல் ஏற்றி, முழுவதையும் மாஸ்கால் மறைத்து, வெளிச்சம் விழ வேண்டிய இடங்களை மட்டும் திறப்பேன். அந்தப் பரப்பின் சொந்த நிறமே பிரகாசமாவதால் வரிகள் தங்கும், கறுப்பு கறுப்பாகவே இருக்கும்.

எவ்வளவு திறப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சுடர் சுவருக்கு முன்னால் 10 செ.மீ. தள்ளி இருந்தால், நேர் எதிரே விழும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலாகத்தான் 10 செ.மீ. பக்கவாட்டில் விழும், 20 செ.மீ. தள்ளினால் பதினொன்றில் ஒரு பங்கு. தொலைவு கூடுவதோடு கதிர் சாய்ந்தும் விழுவதால் இவ்வளவு விரைவாகக் குறைகிறது. ஆனால் திரையின் எண்கள் வெளிச்சத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதில்லை. அவ்விளக்கைத் தவிர வேறு ஒளி படாத வெண்சுவரில் நேர் எதிரே 255 என்றால், அவ்விரு இடங்களிலும் 160, 84 என்ற அளவில் வர வேண்டும். எண்ணையே மூன்றில் ஒரு பங்காக்கினால் விளக்கு சுவரில் ஒட்டிய பொட்டாகத் தெரியும்.

அகலின் நிழலும் உண்டு. திரி அகலின் மூக்கில் எரிவதால் முன்பக்கம் வெளிச்சம் ஏறக்குறைய அடிவரை இறங்கும். பின்பக்கம் அகலின் விளிம்பு மறைத்துவிடும். சுடர் பலகையிலிருந்து 4 செ.மீ. உயரத்திலும், பின்விளிம்பு சுடரிலிருந்து 6 செ.மீ. தள்ளி 2 செ.மீ. உயரத்திலும் இருந்தால், அந்தப் பக்கம் சுடரிலிருந்து 12 செ.மீ. வரை பலகை இருட்டாகவே இருக்கும். இதை விட்டுவிட்டால் அகல் அந்தரத்தில் மிதக்கும்.

ஆகவே பரப்பைத் தொடுதலும் அதில் ஊறுதலும் சொல்லிலேயே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ‘தோய்’ என்னும் வினையில் இரண்டும் உள்ளன: வான்தோய் மலை என்றால் தொடுதல், சாயத்தில் தோய்த்தல் என்றால் ஊறுதல். ‘தோயொளி’ என்று சொல்லலாமா?

அறவாழி:

தோயொளியை வினைத்தொகையாக ஏற்பதில் தடையில்லை. ஆயினும் தோய்தல் நீரோடும் நிறத்தோடும் பிணைந்த சொல். ஒளி பொருளுக்குள் இறங்கும் எண்ணத்தை அது தரும். மெழுகுக்குள் ஒளி புகுந்து உள்ளிருந்தே மிளிர்வதற்கு நாளை ஒரு சொல் தேவைப்படும்போது இதைத்தான் தேடுவோம்.

ஜெயராணி:

எனக்கும் இதே சிக்கல்தான். ஒரு சுவரின் படத்தில் தொடர்விளக்குச் சரத்தைச் சேர்த்தேன். ஒவ்வொரு பல்புக்கும் பின்னால் ஒரே அளவில் வட்டம் வைத்தும் ஒட்டுவேலை போலவே இருக்கிறது. என்ன செய்யலாம்?

பூங்குழலி:

ஜெயராணி, பல்புகளுக்கிடையே உள்ள இடைவெளியளவோ அதற்கு மேலோ சரம் சுவரிலிருந்து விலகி இருந்தால், வட்டங்கள் கலந்து ஒரே பட்டையாகத்தான் தெரியும். சரம் தொய்ந்து சுவரை நெருங்கும் இடத்தில்தான் தனித்தனி வட்டங்கள் பிரியும். அவை சிறியனவாகவும் பிரகாசமாகவும் இருக்கும். ஒரே அளவு வட்டத்தை எல்லா இடத்திலும் வைத்ததே காரணம். பல்பின் நடுப்பகுதியையும் வெண்மையாக்கிவிடுங்கள், நிறம் ஓரத்தில் மட்டும் இருக்கட்டும்.

இசக்கி:

நான் வகுப்பெடுப்பவன். படரொளி, தோயொளி இரண்டையும் மாணவர் முன் வைத்தால், முதலில் சொல்லை விளக்கிய பிறகுதான் வேலையை விளக்க முடியும். ‘விழும் வெளிச்சம்’ என்றே எழுதலாம். அல்லது பாடநூலின் ‘படுகதிர்’ எல்லாருக்கும் தெரிந்ததுதானே, ‘படுஒளி’ எனலாம்.

பூங்குழலி:

படுஒளி என்றால் பரப்பை வந்து அடையும் ஒளி. கறுப்புக் கிண்ணத்துக்கும் வெண்சுவருக்கும் ஒரே அளவு படுஒளி வரலாம். கண்ணில் தெரிவது வேறு. படத்தில் நாம் அமைப்பது கண்ணில் தெரிவதை. ‘விழும் வெளிச்சம்’ நன்றாக இருக்கிறது ஐயா, ஆனால் அடுக்குக்குப் பெயரிடும்போது நீளும்.

அறவாழி:

நீளத்தைக் காட்டிலும் ‘வெளிச்சம்’ என்பதன் பொதுமைதான் எனக்கு நெருடுகிறது. சாளர வெளிச்சமும் விழும் வெளிச்சம்தான். கலைச்சொல் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும்.

இசக்கி:

மாணவருக்குப் புரியாத சொல் எதையும் பிரித்துக் காட்டாது, ஐயா.

மீனாட்சி:

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் படரொளிக்கே ஆதரவு கூடுதல். முதலில் வரும் இடத்தில் ‘பரப்பின்மேல் விழும் வெளிச்சம், அதாவது படரொளி’ என்று எழுதிவிட்டுப் பின் படரொளி என்றே தொடர்கிறேன். சுடரைச் சுற்றியதற்கு ‘ஒளிவட்டம்’ என்று கதிர் அவர்களின் சொல்லையே ஆள்கிறேன். அகலின் பின்நிழல் மூலப்பாடத்தில் இல்லை; மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகச் சேர்க்க இசைவு கேட்டிருக்கிறேன்.

பூங்குழலி:

பெரும்பான்மையை மதிக்கிறேன். ஆனால் மேகமூட்டத்தில் எங்கும் சீராகப் பரவியிருக்கும் வெளிச்சத்தையும் பலர் ‘படர்ந்த ஒளி’ என்றே எழுதுகிறார்கள். அந்த ஒளிக்கு நிழல் கூர்மையாக விழாது. விளக்கின் ஒளிக்கோ நிழல்தான் அடையாளம். ஒரே பாடத்தில் இரண்டும் வரும் நாளில் இந்தச் சொல் இடறும் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.