உள்ளகக் குழு ஆணை: பெயரா, பதவியா?

தட்டச்சர்: எங்கள் அலுவலகத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார் குழுவுக்குப் புது ஆணை போட வேண்டும். பழையதில் பதவிகள் மட்டும்தான் இருக்கின்றன, 'மறு உத்தரவு வரும் வரை' என்று முடிகிறது. தேதியை மாற்றி அதையே போடலாமா?

மலைக்கோட்டை: தாராளமாகப் போடுங்கள். பெயர் போட்டால் மாறுதல் வரும்போதெல்லாம் திருத்த ஆணை எழுதியே கை ஓய்ந்துவிடும். எங்கள் அலுவலகத்தில் எல்லாக் குழுவும் பதவிப் பெயரில்தான்.

பழைய கண்காணிப்பாளர்: கொள்முதல் குழுவுக்கு அது சரி, இதற்குச் சரிவராது. பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி தலைவர் மூத்த நிலையில் உள்ள பெண்ணாக இருக்க வேண்டும், மொத்த உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்கள். 'நிர்வாக அலுவலர் - தலைவர்' என்று எழுதிவிட்டு, அந்த நாற்காலிக்கு அடுத்த மாதம் ஓர் ஆண் மாறுதலில் வந்தால் தலைவர் யார்? ஆணையைப் பார்த்தால் அவர்தான், சட்டத்தைப் பார்த்தால் அவர் இருக்கவே முடியாது. வெளி உறுப்பினருக்கோ உங்கள் அலுவலகத்தில் பதவியே கிடையாது, பெயர்தான் போட்டாக வேண்டும். அப்புறம் காலம். நியமித்த நாளிலிருந்து 3 ஆண்டுக்கு மேல் யாரும் இருக்க முடியாது என்பதால் 'மறு உத்தரவு வரும் வரை' நிற்காது. பெயர், பதவி இரண்டையும் எழுதி, தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டையும் போடுங்கள்.

ஸ்டோர் கீப்பர்: எங்கள் கழிவு நீக்கக் குழுவில் கன்வீனர் யார் என்றே எழுதவில்லை. யார் கூட்டம் கூட்டுவது என்று தெரியாமல் உடைந்த நாற்காலிகள் ஒரு வருடம் வராந்தாவில் கிடந்தன. கன்வீனர் பெயரை மறக்காதீர்கள்.

தட்டச்சர்: அப்படியானால் இதிலும் கன்வீனர் போடலாமா? மேலாளர் ஆண்தான்.

பழைய கண்காணிப்பாளர்: சட்டத்தில் கன்வீனர் என்று ஒருவர் இல்லை. தலைவர் பெண், ஊழியர் இருவர் ஆண், வெளி உறுப்பினர் பெண் என்றால் நாலுக்கு இரண்டு, சரி. மேலாளரைக் கன்வீனராகச் சேர்த்து அவர் உறுப்பினரா இல்லையா என்று எழுதாமல் விட்டால், ஐந்தில் மூன்று ஆண்கள் என்று எதிர்த்தரப்பு வாதாடும். 'கூட்ட அறிவிப்பு அனுப்புவது மட்டும், உறுப்பினர் அல்லர்' என்று எழுதலாம்தான், ஆனால் புகார் கொடுத்தவரின் பெயர் ரகசியமாக இருக்க வேண்டிய இடத்தில் குழுவுக்கு வெளியே ஓர் ஆள் கோப்பைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வேலையைப் பெண் உறுப்பினர் ஒருவருக்கே கொடுங்கள். பணி வரம்பில் 'பெண் ஊழியர் நலன்' என்று பொதுவாக எழுதாமல், இந்தச் சட்டத்தின் கீழ் வரும் புகார்களை விசாரிப்பது, எந்தெந்தக் கிளைக்கு என்று எழுதுங்கள். கிளைகள் வேறு ஊரில் இருந்தால் அங்கங்கே தனிக் குழு வேண்டும்.

மலைக்கோட்டை: பெண் தலைவர் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊழியர் உறுப்பினர் இருவருக்கும் பதவிப் பெயரே போதும் என்றுதான் இன்னமும் சொல்வேன்.

தட்டச்சர்: விசாரணை பாதியில் இருக்கும்போது 3 ஆண்டு முடிந்தால்?

பழைய கண்காணிப்பாளர்: அதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. நானாக இருந்தால் முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே புதுக் குழு ஆணைக் கோப்பைத் தொடங்கிவிடுவேன்.