முன்னோடிக் கட்டம் சேர்த்தால் பெறுமதி குறைகிறதே, தீர்மான மரத்தில் எங்கே பிழை?

படுவான்கரைப் பால்:

வணக்கம். படுவான்கரையில் மாடு வளர்க்கும் நான்கு குடும்பங்கள் சேர்ந்து, இதுவரை சட்டியில் விற்ற தயிரைக் கப்பில் அடைத்துக் கல்லடி முதல் கல்முனை வரையுள்ள கடைகளுக்குக் கொடுக்க எண்ணியிருக்கிறோம். முழு ஆலைக்கு 150 இலட்சம் ரூபாய் வேண்டும். அதற்கு முன் முன்னோடியாக ஓர் ஆண்டு, வாடகை அறையில் கையால் நிரப்பி விற்றுப் பார்க்கலாம்; அதற்கு இப்போது 8 இலட்சம் செலவாகும்.

ஆலை வந்தபின் கேள்வி நன்றாக இருந்தால் ஆண்டுக்கு 60 இலட்சமும், மந்தமாக இருந்தால் 25 இலட்சமும் ஐந்து ஆண்டுகளுக்குத் தேறும். கழிவு வீதம் 15%. முன்னோடி நன்றாக அமைய நிகழ்தகவு 0.6. அது நன்றாக அமைந்தால் கேள்வி நன்றாக இருக்க 0.8, மோசமாக அமைந்தால் 0.2 என்று வைத்தேன். கட்டும் நாளின் பெறுமதியில் நல்ல கேள்விக்குத் தேறுவது +51.1, மந்தக் கேள்விக்கு −66.2.

எக்செலில் இப்படிப் போட்டேன்:

```
C5: =0.8*51.1-0.2*66.2
C9: =0.2*51.1-0.8*66.2
C12: =(0.6*C5+0.4*C9)/1.15-8
```

C12 இல் −8.4 வருகிறது. முன்னோடி இல்லாமல் நேரே கட்டினால் நட்டம் அரை இலட்சம்தான். பரீட்சித்துப் பார்ப்பதால் நட்டம் கூடுவது எப்படி?

ஓட்டமாவடி வியாபாரி:

தம்பி, வங்கியில் கடன் கேட்டால் முதலில் உறுதிக் காணியும் பிணையாளர் இருவரும் வேண்டும் என்பார்கள். முன்னோடிக் கணக்கை அவர்கள் பார்க்கவே மாட்டார்கள். காணி யார் பெயரில் இருக்கிறது?

படுவான்கரைப் பால்:

நானா, கடன் பற்றி நான் இன்னும் கேட்கவில்லை. கணக்கு ஏன் இப்படி வருகிறது என்பதுதான் என் சந்தேகம்.

கணக்கு மிஸ்:

உங்கள் C5 உம் C9 உம் சரியானவை. C12 இல்தான் பிழை. C9 இன் −42.7 என்பது, முன்னோடி மோசமாக முடிந்த பிறகும் ஆலையைக் கட்டினால் வருகின்ற தொகை. கடைக்காரர் திங்கட்கிழமை காலையில் விற்காத கப்புகளைப் பெட்டியோடு திருப்பித் தந்துகொண்டிருக்கும்போது 150 இலட்சத்தைக் கொட்டுவீர்களா? மாட்டீர்கள். அந்த இடம் நிகழ்தகவின் கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே அங்கே சராசரி எடுக்கக் கூடாது. கட்டுவது, விடுவது ஆகிய இரண்டில் பெரியதை எடுக்க வேண்டும்.

மரத்தை வலப்பக்க நுனியிலிருந்து இடப்பக்கமாகத் தீர்ப்பது இதற்காகத்தான். கேள்வி எப்படி அமையும் என்பது வாய்ப்பு, ஆகவே அங்கே நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டுகிறோம்; அதற்கு ஒரு படி முன்னால் இருப்பது தீர்மானம், ஆகவே அங்கே பெரிய தொகையை வைத்துக்கொண்டு மற்றக் கிளையை வெட்டிவிடுகிறோம்; அதற்கும் முன்னால் முன்னோடியின் முடிவு மீண்டும் வாய்ப்பு. நல்ல கிளையில் 27.6 நிற்கிறது, மோசமான கிளையில் −42.7 வெட்டப்பட்டுச் சுழியம் நிற்கிறது.

```
C12: =(0.6*MAX(0,C5)+0.4*MAX(0,C9))/1.15-8
```

27.6 இன் 0.6 பங்கு 16.6, அதை ஓர் ஆண்டுக்காக 1.15 ஆல் வகுத்தால் 14.4, அதிலிருந்து 8 போக 6.4 இலட்சம் மிஞ்சும்.

உங்கள் பழைய விடையிலேயே பிழையின் தடயம் இருந்தது. 0.6ஐயும் 0.4ஐயும் கொண்டு இரு கிளைகளையும் கலந்தால், கேள்வி நன்றாக இருக்க மொத்த நிகழ்தகவு 0.56 ஆகி, நேரே கட்டும்போது வந்த அதே −0.5 திரும்ப வரும். முன்னோடி எதைச் சொன்னாலும் கட்டுவேன் என்று முன்பே முடிவெடுத்தவருக்கு முன்னோடி வெறும் 8 இலட்சச் செலவும் ஓராண்டுத் தாமதமும்தான் என்பதை எக்செல் சரியாகவே காட்டியிருக்கிறது.

ஏறாவூர் கணக்காளர்:

மிஸ் சொன்னது சரி. ஆனால் புதுத் தொழிலுக்கு 15% போதாது. முன்னோடி தோற்கலாம் என்ற ஆபத்துக்காகக் குறைந்தது 25% போட வேண்டும். அத்துடன் 60 இலட்சம் என்பது இன்றைய கப் விலையில் கணித்ததா, விலையேற்றத்தைச் சேர்த்துக் கணித்ததா என்பதையும் சொல்லவில்லை.

கணக்கு மிஸ்:

உங்கள் இரண்டாவது கேள்வி மிகவும் பொருத்தமானது. முதலாவதை ஏற்க முடியாது. தோற்கும் ஆபத்து 0.4 என்றும் 0.2 என்றும் மரத்துக்குள் ஏற்கெனவே எண்ணப்பட்டிருக்கிறது. அதையே வீதத்திலும் ஏற்றினால் ஒரே ஆபத்துக்கு இருமுறை தண்டம் கட்டுகிறோம். 25% போட்டால் நல்ல கேள்வியின் தேறல் 11 இலட்சமளவில் சுருங்கி, முன்னோடி வென்ற கிளையில்கூடக் கட்டாதே என்று விடை வரும்.

சம்மாந்துறை மா மில்:

என் கதையைச் சொல்கிறேன். இடியப்ப மாப் பைக்கற் போட்டு மூன்று மாதம் பரீட்சித்தேன். அந்த மூன்று மாதத்துக்குள் நோன்பு வந்தது. கடைக்காரர்கள் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். அதை நம்பி இயந்திரம் எடுத்தேன். பெருநாள் முடிந்து இரண்டாவது வாரம் ஒரு கடைக்குப் போனபோது, என் பைக்கற்றுகள் அடுக்கின் கீழ்த்தட்டில், மேலே தூசி படிந்து, கொடுத்த எண்ணிக்கை குறையாமல் இருந்தன. என் பரீட்சை வென்றது, தொழில் தோற்றது. இந்த 0.8 எங்கிருந்து வந்தது?

படுவான்கரைப் பால்:

உண்மையைச் சொன்னால், நாங்கள் நால்வரும் பேசித் தீர்மானித்த எண் அது.

கணக்கு மிஸ்:

சம்மாந்துறை ஐயா கேட்டதுதான் இந்த மரத்தின் உயிர்நாடி. 0.8 ஐ 0.7 ஆக்கிப் பாருங்கள். மொத்தம் 0.56 மாறக் கூடாது, ஏனெனில் பரீட்சை சந்தையை மாற்றாது, சந்தையைப் பற்றிய நம் அறிவைத்தான் மாற்றும். ஆகவே மோசமான கிளையின் 0.2 தானாக 0.35 ஆகிறது. பலர் ஒன்றை மாற்றி மற்றதை விட்டுவிடுவார்கள். இப்போது நல்ல கிளையில் 15.9, அதன் 0.6 பங்கு 9.5, ஓர் ஆண்டு கழித்தால் 8.3. முன்னோடிச் செலவு 8 போக மிஞ்சுவது முப்பதாயிரம் ரூபாய். நம்பகம் பத்துப் புள்ளி குறைந்ததில் ஆறு இலட்சம் காணாமற்போய்விட்டது.

எனவே முன்னோடியைச் சுருக்காதீர்கள். மாரி மழையும், பால் குறையும் வெயில் மாதங்களும், சித்திரை வருடப்பிறப்பும் அதற்குள் வரட்டும். கொடுத்த கப்பின் எண்ணிக்கையை விடத் திரும்பி வந்த கப்பின் எண்ணிக்கையைக் கடைவாரியாக எழுதுங்கள். எந்த எண்ணுக்கு மேல் போனால் மோசம் என்பதைத் தொடங்குமுன் தாளில் எழுதிக் கையொப்பம் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆண்டு முடிவில் நால்வருக்கும் நான்கு தீர்ப்பு இருக்கும்.

இன்னொன்று. விடும் கிளைக்கு நான் சுழியம் போட்டேன். காணிக் குத்தகையோ இயந்திர முற்பணமோ இப்போதே கட்டிவிட்டு, பிறகு விடும்போது அதை இழப்பீர்களானால் அங்கே சுழியம் வராது. அந்த இழப்பு பதினெட்டரை இலட்சத்தை எட்டினால் 6.4 முழுவதும் கரைந்துவிடும்.

படுவான்கரைப் பால்:

நன்றி மிஸ். முற்பணம் எதுவும் கட்டவில்லை, கட்டவும் மாட்டோம். ஏறாவூர் ஐயாவின் கேள்விக்கு: 60 உம் 25 உம் இன்றைய கப் விலையில் எழுதியவை. 15% வங்கி வட்டியை ஒட்டி எடுத்தது.

ஏறாவூர் கணக்காளர்:

அப்படியானால் வங்கி வட்டியில் விலையேற்றம் இருக்கிறது, உங்கள் காசுப் பாய்ச்சலில் இல்லை. இரண்டையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். பாய்ச்சலை ஏற்றினால் நேரே கட்டும் கிளையும் நட்டத்திலிருந்து வெளியே வரக்கூடும்; அப்போது முன்னோடியைச் சுழியத்தோடு ஒப்பிட முடியாது, அந்தக் கிளையோடுதான் ஒப்பிட வேண்டும்.

படுவான்கரைப் பால்:

தீவன விலையும் பால் விலையும் கப் விலையும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. கடந்த மூன்று ஆண்டுக் கொப்பிகளைப் பார்த்து ஒவ்வொன்றையும் தனி வரியாகப் போட்டுவிட்டு, புதிய தாளுடன் வருகிறேன்.