ஆடும்போது கெண்டைக்காலில் ‘டப்’பென்று விட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

யாங்கோன் பந்துக்காரன்

சாயங்காலம் சின்லோன், வழக்கமான வட்டம், நடுவில் நான். முதுகுப் பக்கம் வந்த பந்தை எடுக்க இடது காலை ஊன்றி எம்பினேன். எம்பிய நொடியில் இடது கெண்டைக்காலில் ‘டப்’. யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்துவிட்டார்கள் என்றே நினைத்துத் திரும்பினேன். ஒருத்தரும் இல்லை. எனக்கு அவ்வளவு தெளிவாகக் கேட்ட சத்தம், கூட ஆடியவர்கள் யாருக்கும் கேட்கவில்லையாம்.

டாக்டர் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், உள்பக்கச் சதை கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் தேவையில்லை என்றார். அதெல்லாம் சரி. என்னை விடாமல் அரிப்பது வேறு. சில வாரம் போய், நொண்டாமல் நடக்கிறேன், வலியே இல்லை. மேல் தட்டில் இருந்த பால் டின்னை எடுக்க இடது காலில் மட்டும் நின்று எம்பினேன். குதிகால் தரையை விட்டு வரவே இல்லை. வலித்து நின்றிருந்தால்கூடப் புரிந்திருக்கும். வலி துளியும் இல்லை, கால்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வலி இல்லாத காலில் வலு மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

பகோ மாமா

தம்பி, எனக்கும் இதேதான். ராத்திரி தூக்கத்தில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்துக்கொள்ளும், கத்திவிடுவேன். பெருவிரலைப் பிடித்து முகத்தைப் பார்க்க இழுத்தால் விட்டுவிடும். தண்ணீர் நிறையக் குடியுங்கள், வாழைப்பழம் சாப்பிடுங்கள்.

தாட்டோன் அக்கா

மாமா, அவர் சொல்வது சதைப் பிடிப்பு இல்லை, கிழிசல். என் வீட்டுக்காரருக்கு ஃபுட்பால் ஆடும்போது இப்படி ஆனது. அன்றைக்கு ராத்திரியே உருவுகிறவரைக் கூட்டி வந்து எண்ணெய் போட்டு அழுத்தி உருவினோம். மறுநாள் கால் கணுக்கால் வரை கருநீலம். கெட்ட ரத்தம் இறங்குகிறது, நல்லதுதான் என்றார். அவர் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனாலும் எழுந்து நடந்துவிட்டார். அதனால் சொல்கிறேன் தம்பி, படுத்தே கிடக்காதீர்கள், மெல்ல நடங்கள், எண்ணெய் போட்டு உருவுங்கள்.

மோல்மேன் பிசியோ

அக்கா, மெல்ல நடக்கச் சொன்னது சரி. முதல் நாளே உருவியது சரியில்லை. அந்த நேரத்தில் கிழிந்த இடத்தில் ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருக்கும், அழுத்தி உருவினால் இன்னும் கசியும். நீலம் இறங்குவது கெட்ட ரத்தம் இல்லை, கசிந்த ரத்தம் கீழ்நோக்கி வழிவது; உருவாவிட்டாலும் சில நாளில் கணுக்காலில் தெரியும். முதல் நாலைந்து நாளுக்குக் கிரேப் பேண்டேஜ், காலைத் தூக்கி வைப்பது, சூடும் உருவலும் வேண்டாம். அவ்வளவுதான்.

எனக்கு பேட்மிண்டனில் இதே இடத்தில் கிழிந்தது. என் கதை அதோடு முடிந்தது, தம்பி கேட்டதற்கு வருகிறேன்.

முதலில் ஒன்று: உங்களைக் குப்புறப் படுக்க வைத்து டாக்டர் கெண்டைக்காலைப் பிசைந்தபோது பாதம் அசைந்ததா? அசையாமல் இருந்தால் குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நாண் அறுந்திருக்கலாம், அதற்கும் இதே ‘டப்’தான். அசைந்தது என்றால் பயமில்லை.

வலி போனதும் வலு வராததற்குக் காரணம் இருக்கிறது. நடப்பதற்கு அந்தச் சதையின் முழு பலம் தேவைப்படாது. ஒற்றைக் காலில் எம்பும்போதுதான் உடம்பின் மொத்த எடையையும் அது தனியாகத் தூக்க வேண்டும். கிழிந்த இடம் ஒட்டியிருக்கும், ஆனால் இழுத்துப் பழகியிருக்காது. நொண்டிய நாட்களில் மீதிச் சதையும் இளைத்திருக்கும். அளவு நாடாவால் இரண்டு கெண்டைக்காலையும் அளந்து பாருங்கள், தெரியும்.

இதைக் குதிகால் தூக்கித்தான் மீட்க வேண்டும், படிப்படியாக. முதலில் நாற்காலியில் உட்கார்ந்து தூக்குவது; பாரம் போதவில்லை என்றால் முட்டி மேல் அரிசிப் பையை வையுங்கள். அப்புறம் சுவரைப் பிடித்து இரண்டு காலிலும். அடுத்த படிதான் முக்கியம்: இரண்டு காலால் ஏறி, நல்ல காலை எடுத்துவிட்டு, கெட்ட காலில் மட்டும் மெதுவாக இறங்குவது, மூன்று எண்ணும் நேரம். எம்ப முடியாத சதையாலும் இறக்க முடியும், அதில்தான் பலம் ஏறும். அது லேசாகிவிட்டால் ஒற்றைக் காலில் ஏறுவது, பிறகு படிக்கட்டு விளிம்பில் குதிகாலைக் கீழே இறக்கி ஏறுவது. விளிம்புக்கு அவசரம் வேண்டாம், புதிதாக ஒட்டிய இடம் அங்கேதான் அதிகம் இழுபடும். முட்டியை நீட்டித் தூக்கினால் கிழிந்த மேல் சதைக்கு வேலை, மடக்கினால் அடியில் இருக்கும் சதைக்கு. இரண்டும் வேண்டும்.

கூட்டியது அதிகமா என்று அப்போதே தெரியாது. மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் நாலு எட்டைக் கவனியுங்கள். முந்தின நாளைவிட இறுக்கம் கூடியிருந்தால் ஒரு படி இறங்கிவிடுங்கள்.

கடைசியாக வீட்டுச் செருப்பு. தட்டையான செருப்பும் வெறுங்காலும் ஆரம்பத்தில் சதையை இழுத்துக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளைக்குக் குதி உயர்ந்த ஷூ போடுங்கள்.

சிரியம் தம்பி

பிசியோ அண்ணே, உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. நான் ஒற்றைக் காலில் 25 எம்பிவிட்டுத்தான் ஃபுட்பாலுக்குப் போனேன். இரண்டாவது ஆட்டத்தில் பந்தைத் துரத்த முதல் எட்டு எடுத்தேன், அதே இடத்தில் மறுபடி. விழவில்லை, அப்படியே நின்றுவிட்டேன், அடுத்த காலை வைக்க மனசு வரவில்லை. 25 எம்பினால் போதும் என்று எனக்குச் சொன்னவர்கள் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

மோல்மேன் பிசியோ

எண்ணிக்கை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம் தம்பி. பத்துக்கு மேல் முட்டி மடங்கும், உடம்பு முன்னால் சாயும், குதிகால் பாதி உயரம்தான் வரும், எண்ணிக்கை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல காலில் எம்பி நிற்கும்போது தலை எட்டும் இடத்தில் சுவரில் ஒரு கோடு போடுங்கள். கெட்ட காலில் அந்தக் கோட்டைத் தொடாதது கணக்கில் சேராது. இன்னொன்று, எம்புவது மெதுவான வேலை, பாய்வது வேகமான வேலை. நடுவில் குதித்துப் பழகினீர்களா? இரண்டு காலில், பிறகு ஒற்றைக் காலில், பிறகு மெல்லோட்டம், அப்புறம்தான் பாய்ச்சல்.

சிரியம் தம்பி

குதித்தேன் அண்ணே. கோடு போடவில்லை, ஆனால் உயரம் சரியாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

மோல்மேன் பிசியோ

அப்படியானால் என்னிடம் பதில் இல்லை. எல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்குத் திரும்பவும் கிழிகிறது. திரும்பி வந்த முதல் வாரங்களில்தான் அது அதிகம்.

தாட்டோன் அக்கா

உருவினது தப்பு என்றால் என் வீட்டுக்காரர் எப்படி எழுந்து நடந்தார், அதைச் சொல்லுங்கள்.

மோல்மேன் பிசியோ

உருவாமல் இருந்திருந்தாலும் நடந்திருப்பார் அக்கா. ஒரு விஷயம் எல்லோருக்கும்: நாள் ஆக ஆக வீக்கம் குறையாமல் கூடினால், சதை சூடாகி உள்ளே கனத்தால், உருவவும் வேண்டாம் எம்பவும் வேண்டாம், டாக்டரிடம் போங்கள். ரத்தக்கட்டி ரத்தக்குழாயில் அடைத்திருக்கலாம். மூச்சு வாங்கினால் அந்த நிமிஷமே.

யாங்கோன் பந்துக்காரன்

பாதம் அசைந்தது அண்ணே. கோடும் போட்டேன். வலது கால் கோட்டை விடாமல் தொடுகிறது, இடது காலுக்கு இறங்குவது மட்டும்தான் இப்போதைக்கு, அதிலும் கடைசி ஒரு அங்குலம் தொப்பென்று விழுகிறது. அந்த அங்குலத்தையும் பிடித்து இறக்கப் பார்க்கிறேன். வாசோ பண்டிகை சமயத்தில் மாண்டலேக்கு ஆடக் கூப்பிடுகிறார்கள். வட்டத்தில் நின்று தட்டிக்கொடுக்க மட்டும் போகலாமா?

மோல்மேன் பிசியோ

இடது காலில் வெறுங்காலோடு தொடர்ந்து குதித்து, மறுநாள் காலை இறுக்கம் இல்லையென்றால் வட்டத்தில் நில்லுங்கள். நடுவில் இறங்குவது இந்த வாசோவுக்கு வேண்டாம்.