ஆறு நாள் உழைப்பு 51 மணி நேரம். எக்செல் காட்டுவதோ 3:00

பலகாரக்கணக்கு (காரைக்குடி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அப்பத்தா தொடங்கிய பலகாரக் கடைக்கு இப்போது நான்தான் கணக்கு எழுதுகிறேன். தேன்குழல் பிழியவும் சீடை உருட்டவும் வரும் பெண்கள், தங்கள் வீட்டுச் சமையலை முடித்துவிட்டு ஆளுக்கொரு நேரத்தில் வருவதால், நாள் கூலியாக இல்லாமல் மணிக்கு 60 ரூபாய் என்று கணக்கிட்டுச் சனிக்கிழமை மாலை கொடுக்கிறோம். இதுவரை நோட்டில் இருந்த கணக்கைத் தீபாவளி வேலை தொடங்கியதும் எக்செல் 2016-க்கு மாற்றினேன்.

சீடை உருட்டும் ஒருவருடைய இந்த வாரக் கணக்கு இது: திங்கள் 8:30, செவ்வாய் 7:45, புதன் 9:00, வியாழன் 8:15, வெள்ளி 9:30, சனி 8:00. இவற்றை B2 முதல் B7 வரை எழுதி, B8-இல் கூட்டினேன்.

```
=SUM(B2:B7)
```

கால்குலேட்டரில் கூட்டினால் 51 மணி நேரம் வருகிறது. B8-இல் 3:00 என்று நிற்கிறது. இன்னொருவர் ஆறு நாளும் சரியாக எட்டு மணி நேரம் வேலை செய்தவர். அவருக்கு 0:00 என்று காட்டுகிறது. வாரத்தில் மூன்று நாள் மட்டும் வருபவருக்கு 23:15 என்று சரியாகவே வந்திருக்கிறது. அதனால் சூத்திரம் தவறு என்றும் சொல்ல முடியவில்லை. எல்லா எண்களையும் அழித்துவிட்டுத் திரும்ப எழுதியும் பார்த்தேன், மாற்றம் இல்லை. இன்று மாலை சம்பளம் கொடுக்க வேண்டும். எங்கே பிழை என்று யாராவது சொல்ல முடியுமா?

கானாடுகாத்தான் விடுதி

எங்கள் விடுதியில் பணியாளர் நேரத்தைக் கூட்டும்போது எனக்கும் இதே தொல்லை வந்தது. B8-ஐத் தேர்ந்தெடுத்து Ctrl+1 அழுத்துங்கள். Number என்ற பகுதியில் Custom என்பதைத் தொட்டு, Type என்ற கட்டத்தில் இருப்பதை அழித்துவிட்டு இதை எழுதுங்கள்.

```
[h]:mm
```

சதுர அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். இதைச் செய்தால் 51:00 வந்துவிடும். கூட்டல் சரியானதும் சம்பளமும் தானாகச் சரியாகிவிடும். வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை.

பலகாரக்கணக்கு (காரைக்குடி)

மிக்க நன்றி ஐயா. B8 உடனே 51:00 ஆகிவிட்டது. 0:00 என்று இருந்தது 48:00 ஆனது. ஆனால் சம்பளம் சரியாகவில்லை. C8-இல் 60 என்று கூலியை எழுதி, D8-இல் `=B8*C8` என்று போட்டிருக்கிறேன். அது 127.50 என்று காட்டுகிறது. 51 மணி நேரத்துக்கு 3,060 ரூபாய் வர வேண்டும். வடிவத்தை மாற்றுவதற்கு முன்பும் இதே 127.50தான் இருந்தது என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

தேவகோட்டை பேரேடு

வடிவத்தை மாற்றும் முன்பும் பின்பும் 127.50 மாறவில்லை என்று நீங்கள் கவனித்திருக்கிறீர்கள் அல்லவா, விடை அதில்தான் இருக்கிறது. B8-க்கு உள்ளே இருந்த எண் தொடக்கத்திலிருந்தே சரிதான். நீங்கள் மாற்றியது அதற்குப் போட்டிருந்த சட்டையை மட்டும்தான். அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், B8-இன் வடிவத்தைச் சற்று நேரம் General என்று மாற்றிப் பாருங்கள். 2.125 என்று காட்டும்.

எக்செல்லுக்கு ஒரு முழு நாள் என்பது 1. ஒரு மணி நேரம் என்பது 24-இல் ஒரு பங்கு. 51 மணி நேரத்தை 24-ஆல் வகுத்தால் இரண்டு முழு நாளும், மீதி மூன்று மணி நேரமும் வருகின்றன. அந்த மூன்று மணி நேரம் நாளில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 0.125. `h:mm` என்ற வடிவம் சுவர்க் கடிகாரத்தைப் போன்றது. எத்தனை நாள் கடந்தது என்று அதற்குக் கவலையில்லை. இப்போது முள் எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே சொல்லும். ஆகவே 2.125-இல் முழு எண்ணாகிய 2-ஐ மறைத்துவிட்டு 3:00 என்று காட்டியது. 48 மணி நேரம் சரியாக 2 என்பதால் அவருக்கு 0:00. மூன்று நாள் வருபவருடைய கூட்டல் 24-ஐத் தாண்டாததால் அங்கே மறைப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அடைப்புக்குறிக்குள் `[h]` என்று எழுதும்போதுதான், நாட்களையும் மணிகளாக்கிச் சேர்த்துக் காட்டு என்று சொல்கிறோம்.

நீங்கள் 8:30 என்று எழுதியதும் எக்செல் அந்தக் கட்டத்துக்குத் தானாகவே `h:mm` வடிவத்தைக் கொடுத்துவிடுகிறது. கூட்டல் கட்டமும் அதையே எடுத்துக்கொள்கிறது. இதனால்தான் ஓரிரு நாள் கணக்கைப் போட்டுச் சோதிப்பவர்களுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்து, வாரக் கடைசியில் பிழை வெளியே வருகிறது. கூட்டலில் கையால் 24 அல்லது 48-ஐச் சேர்த்துச் சரிக்கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் செய்யாதீர்கள். அது 24 மணி நேரத்தை அல்ல, 24 நாட்களைச் சேர்ப்பதாகும்.

சம்பளத்துக்கு வருகிறேன். 2.125 நாளை மணிக் கூலியால் பெருக்கினால் 127.50தான் வரும். நாளை முதலில் மணியாக்க வேண்டும்.

```
=ROUND(B8*24*C8,2)
```

இதற்கு 3060 வரும். D8-ம் நேர வடிவத்தில் இருந்தால் 0:00 என்று காட்டக்கூடும். அதன் வடிவத்தை Number என்று மாற்றிவிடுங்கள். கானாடுகாத்தான் நண்பர் சொன்ன வடிவம் முற்றிலும் சரி. சம்பளம் தானாகச் சரியாகும் என்றது மட்டும் சரியல்ல.

செக்காலை வாசகர்

24-ஆல் பெருக்கி, மறுபடி 60-ஆலும் பெருக்கினால் நிமிடங்கள் அல்லவா வரும்? 3060 என்பது 51 மணி நேரத்தில் உள்ள நிமிடங்களின் எண்ணிக்கை. அதை ரூபாய் என்று எடுத்துக்கொண்டு சம்பளம் கொடுத்துவிடாதீர்கள் அம்மா.

தேவகோட்டை பேரேடு

ஐயா, இங்கே C8-இல் உள்ள 60 கூலி. அது தற்செயலாக ஒரு மணிக்குரிய நிமிடங்களின் எண்ணிக்கையோடு ஒத்துப்போய்விட்டது. கூலி 65 ரூபாயாக இருந்திருந்தால் இந்த ஐயமே எழுந்திருக்காது. இருந்தாலும் நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. சூத்திரத்துக்குள் `B8*24*60` என்று எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு அதைத் திறந்து பார்ப்பவர் அந்த 60 நிமிடமா ரூபாயா என்று திகைப்பார். கூலியைத் தனிக் கட்டத்தில் வைத்து, மேலே தலைப்பும் எழுதிவைப்பதே நல்லது.

பலகாரக்கணக்கு (காரைக்குடி)

3,060 வந்துவிட்டது, கால்குலேட்டரோடு ஒத்துப்போகிறது. இனி ஒரே ஒரு இடம்தான் பாக்கி. ஒவ்வொருவருக்கும் பணத்தோடு ஒரு துண்டுச் சீட்டு அச்சிட்டுக் கொடுக்கிறோம். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் அதைப் பார்த்துச் சொல்வார்கள். அந்தச் சீட்டில் வரும் வரி இன்னும் 3:00 என்றே இருக்கிறது. B8-இல் 51:00 என்று கண்ணெதிரே தெரியும்போது, சீட்டில் மட்டும் ஏன் பழையபடி வருகிறது? அந்த வரி இது:

```
="மொத்த நேரம் "&TEXT(B8,"h:mm")
```

தேவகோட்டை பேரேடு

கட்டத்துக்கு நீங்கள் கொடுத்த வடிவம் TEXT-க்குத் தெரியாது. அது B8-இன் உள்ளிருக்கும் 2.125-ஐ எடுத்து, மேற்கோளுக்குள் நீங்கள் எழுதிய வடிவத்தைத்தான் போட்டுக்கொள்ளும். அங்கேயும் அடைப்புக்குறி வேண்டும்.

```
="மொத்த நேரம் "&TEXT(B8,"[h]:mm")
```

ஒன்று நினைவில் இருக்கட்டும்: TEXT தருவது எழுத்து, எண் அன்று. துண்டுச் சீட்டில் காட்டுவதற்கு அது போதும். அந்தக் கட்டங்களை SUM கொண்டு கூட்ட முயன்றால் 0 வரும். கூட்டல் எப்போதும் B நெடுவரிசையிலிருந்தே இருக்கட்டும். மணி நேரத்தைப் பதின்மமாகச் சீட்டில் போடவும் வேண்டாம். 50:45 என்பது 50.75 ஆகிவிட்டால், ஐம்பது மணி எழுபத்தைந்து நிமிடம் என்றுதான் வீட்டில் படிப்பார்கள்.

கோட்டையூர் தறி

நானும் இதைப் படித்துவிட்டு என் கோப்பில் `[h]:mm` போட்டேன். கணக்கு இன்னும் மோசமாகிவிட்டது. தறிக்கு வருபவர்களின் நேரத்தை 8.30 என்று எழுதுவது எங்கள் வழக்கம். இதுவரை அந்தக் கட்டம் 7:12 என்று காட்டியது. கணினியில் ஏதோ கோளாறு என்று இருந்துவிட்டேன். இப்போது அதே கட்டம் 199:12 என்கிறது. உங்கள் வடிவம் தவறா?

தேவகோட்டை பேரேடு

வடிவம் தவறில்லை, மறைந்திருந்த பிழையை அது வெளியே கொண்டுவந்திருக்கிறது. நாம் கையெழுத்தில் 8.30 என்று புள்ளி வைத்து எழுதுவது எக்செல்லுக்கு எட்டே முப்பது நிமிடம் அன்று, அது 8.3 நாள். எட்டு நாளை மறைத்துவிட்டு, மீதி 0.3 நாளைக் கடிகாரமாகக் காட்டினால் 7:12. எல்லாவற்றையும் மணியாக்கினால் 199:12. 8.30 என்று எழுதிய இடத்தில் 7:12 தெரிந்தால், புள்ளிதான் காரணம் என்று பார்த்ததும் சொல்லிவிடலாம். அந்தக் கட்டத்தின் மீது வைத்துச் சூத்திரப் பட்டையைப் பார்த்தால் 1900-ஆம் ஆண்டு ஜனவரி 8 என்ற தேதியும் தெரியும்.

இனிமேல் முக்காற்புள்ளி வைத்தே எழுதுங்கள். ஏற்கெனவே எழுதியவை A நெடுவரிசையில் இருந்தால், பக்கத்து நெடுவரிசையில் இதைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

```
=(INT(A2)+ROUND(MOD(A2,1)*100,0)/60)/24
```

இதற்கு `[h]:mm` வடிவம் கொடுத்தால் 8:30 என்று வரும். ஆனால் இது புள்ளிக்குப் பின்னால் உள்ளதை நிமிடம் என்றே எடுத்துக்கொள்ளும். எட்டரை என்ற பொருளில் யாராவது 8.5 என்று எழுதியிருந்தால் அதை 8:50 ஆக்கிவிடும், 8.05 என்று எழுத நினைத்து 8.5 என்று விட்டிருந்தாலும் அப்படியே. அதைச் சூத்திரத்தால் கண்டுபிடிக்க முடியாது.

கோட்டையூர் தறி

அங்கேதான் இடிக்கிறது ஐயா. காலையில் குறிப்பவர் 7.30 என்று எழுதுகிறார். மாலையில் குறிப்பவர் 7.5 என்று எழுதுகிறார். இரண்டு கையெழுத்தும் ஒரே நோட்டில் கலந்திருக்கின்றன. கணினியில் ஏற்றியபின் 7.30-உம் 7.3 ஆகிவிட்டது. 8.15 போன்றவற்றில் ஐயம் இல்லை. 7.5 என்று நிற்கும் வரிகளை மட்டும் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, எழுதியவரிடமே கேட்க வேண்டும். கடந்த மாதத்தில் அப்படி முப்பத்தொரு வரிகள் இருக்கின்றன.

பலகாரக்கணக்கு (காரைக்குடி)

சீட்டிலும் 51:00 வந்துவிட்டது. எல்லோருடைய சீட்டையும் கால்குலேட்டரோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றிலும் வேறுபாடு இல்லை. தேவகோட்டை ஐயாவுக்கும் கானாடுகாத்தான் ஐயாவுக்கும் நன்றி. கோட்டையூரில் இருப்பவருக்கு ஒன்று சொல்கிறேன்: நாங்கள் நோட்டில் மொத்த நேரத்தை எழுதுவதை நிறுத்திவிட்டு, வந்த நேரத்தையும் போன நேரத்தையும் மட்டும் எழுதுகிறோம். அதில் 7.5 என்று யாரும் எழுதுவதில்லை.